தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு: தொகுத்து வழங்குபவர் எவ்வளவு பேசலாம்?

கரும்பலகை

வணக்கம். சேலம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அடுத்த வாரம் ஆண்டு விழா. இந்த வருடம் தொகுத்து வழங்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நிரலில் முதல் இரண்டு தமிழ்த்தாய் வாழ்த்தும் குத்துவிளக்கு ஏற்றுதலும், அதற்கு அடுத்து வரவேற்புரை. நான் எழுதி வைத்திருப்பது இது:

"கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே முன்தோன்றிய மூத்த மொழியாம், முச்சங்கம் கண்ட முத்தமிழாம், உலக மொழிகளுக்கெல்லாம் தாயாம் நம் அன்னைத் தமிழை வணங்கி எந்தச் செயலையும் தொடங்குவது தமிழர் மரபு. அம்மரபின் வழியில் நம் பள்ளி மாணவியர் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட வருமாறு அன்புடன் அழைக்கிறேன். அனைவரும் எழுந்து நிற்கவும்."

விளக்குக்கு: "இருளை அகற்றுவது விளக்கு, அறியாமை இருளை அகற்றுவது கல்வி. அத்தகைய கல்வி ஒளியின் அடையாளமாகத் திகழும் திருவிளக்கினை ஏற்றி வைத்து விழாவுக்கு மங்கலம் சேர்க்குமாறு..." என்று தொடங்கி ஏழு விருந்தினர்களின் பெயர், பட்டம், பதவி எல்லாம் வருகிறது. தலைமையாசிரியர் படித்துவிட்டு "பாதியாகக் குறைங்கம்மா" என்றார். எதை வெட்டுவது என்று தெரியவில்லை. குறைத்தால் மரியாதை குறைந்துபோகுமோ என்றும் பயமாக இருக்கிறது. விளக்கு ஏற்றும்போது ஒன்றும் பேசாமல் நிற்கலாமா?

மேடையோரம்

அரசு விழா, கல்லூரி விழா என்று நிறைய மேடைகளில் மைக் பிடித்திருக்கிறேன். உங்கள் எழுத்தில் குறையில்லை டீச்சர். ஆனால் மேடையில் அது எந்த வரிசையில் நடக்கும் என்று ஒருமுறை கண்ணை மூடிப் பாருங்கள். "பாட வருமாறு அழைக்கிறேன்" என்றதும் பிள்ளைகள் ஓரத்திலிருந்து நடந்து வர வேண்டும். வந்ததும் மைக் உயரமாக இருக்கும், யாராவது இறக்க வேண்டும். அப்புறம் சுருதி பிடிக்க வேண்டும். அதற்குள் நீங்கள் "எழுந்து நிற்கவும்" என்று சொல்லிவிட்டீர்கள். கூட்டம் நிற்கிறது, பாட்டு வரவில்லை. பின் வரிசையில் பேச்சு கிளம்பும், முன் வரிசையில் ஒருவர் மெதுவாக உட்காருவார், அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். மரியாதை குறைவது அந்த இடத்தில்தான். நீங்கள் நாலு வரி குறைத்துப் பேசுவதால் ஒன்றும் குறையாது.

அதனால் நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே பிள்ளைகள் மைக் முன்னால் நிற்கட்டும். சுருதிப்பெட்டி போட்டாயிற்றா, மைக் அவர்கள் உயரத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இதை மட்டும் சொல்லுங்கள்:

"அனைவருக்கும் வணக்கம். தமிழ்த்தாய் வாழ்த்துடன் விழா தொடங்குகிறது. அனைவரும் எழுந்து நிற்க வேண்டுகிறோம். நிற்க இயலாதவர்கள் அமர்ந்தபடியே இருக்கலாம்."

சொன்னதும் பின்வாங்கிவிடுங்கள். நாற்காலி இழுபடும் சத்தம் அடங்கும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டும். நீங்கள் தலையசைத்ததும் தொடங்கச் சொல்லி ஒத்திகையிலேயே பழக்கிவிடுங்கள். பாட்டே 55 விநாடிதான். அறிமுகம் பாட்டை விட நீளமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

முக்கியமாக இன்னொன்று. பாட்டின் முடிவில் "வாழ்த்துதுமே" மூன்று தடவை வரும். முதல் தடவை வந்ததுமே முடிந்துவிட்டது என்று நினைத்து மைக்கை ஆன் செய்யும் தொகுப்பாளர்களை அடிக்கடி பார்க்கிறேன். பிள்ளைகள் இரண்டாவது "வாழ்த்துதுமே" பாடும்போது ஒலிபெருக்கியில் "நன்றி" என்று கேட்கும், பாதிக் கூட்டம் உட்கார்ந்துவிடும். மூன்றாவது முடிந்து, சுருதி நின்று, பிள்ளைகள் கை இறக்கிய பிறகு ஒரு மூச்சு விட்டு, "நன்றி, அனைவரும் அமரலாம்" என்று சொல்லுங்கள். அந்த "அமரலாம்" கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் விளக்கேற்றும்போது பாதிப் பேர் நின்றுகொண்டும் பாதிப் பேர் உட்கார்ந்துகொண்டும் இருப்பார்கள்.

விளக்குக்கு அப்புறம் வருகிறேன். அது கொஞ்சம் பெரிய வேலை.

வாய்தா

"எழுந்து நிற்க வேண்டுகிறோம்" என்று மேடையில் சொல்வதே தேவையில்லை. தமிழ்த்தாய் வாழ்த்து தேசிய கீதம் இல்லை, எழுந்து நிற்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே சொல்லியிருக்கிறது. நிற்கிறவர்கள் நிற்கட்டும், தொகுப்பாளர் எதற்கு உத்தரவு போட வேண்டும்?

மேடையோரம்

நீங்கள் சொல்லும் தீர்ப்பு உண்மைதான், 2021 டிசம்பரில் வந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே டிசம்பர் 17ஆம் தேதி தமிழ்நாடு அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து அரசாணை போட்டது. பாடும்போது எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு என்று அதில் இருக்கிறது. 55 விநாடி என்ற கணக்கும், மோகன ராகம், திஸ்ர நடை என்பதும் அதில்தான் வருகின்றன. "இயலாதவர்கள் அமர்ந்தபடியே இருக்கலாம்" என்ற வரியை நான் சேர்த்ததற்கும் அதுதான் காரணம். முதல் வரிசையில் ஊன்றுகோலோடு வந்த பெரியவர் எல்லார் கண்ணும் பட எழுந்திருக்கத் தடுமாறக் கூடாது.

இன்னொரு செய்தி டீச்சருக்கு. கல்வி நிறுவன விழாக்களில் ஒலிப்பதிவைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்பதும் அந்த ஆணையில் உண்டு. உங்கள் மாணவியர் பாடுவது சரியான ஏற்பாடு.

வாய்தா

சரி, அரசாணையை நான் கணக்கில் எடுக்கவில்லை. அரசு உதவி பெறும் பள்ளி என்றால் நீங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் குடியிருப்போர் சங்கம், புத்தக வெளியீடு மாதிரி தனியார் விழாக்களில் பாடுவதை ஊக்குவிக்கலாம் என்றுதானே இருக்கிறது? அங்கேயும் கறாரான குரலில் "எழுந்து நிற்கவும்" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். "வேண்டுகிறோம்" பரவாயில்லை.

சலங்கை

என் மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் வைத்தபோது தொகுத்தவர் முதலில் விளக்கேற்றச் சொல்லிவிட்டு அப்புறம்தான் இறைவணக்கம் பாட வைத்தார். குருவும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்றார். விளக்கு எரியாத மேடையில் பாட்டு எப்படி? நீங்கள் எல்லாரும் பாட்டை முதலில் வைக்கிறீர்களே. டீச்சர், அப்படியே சலங்கை பூஜைக்கு அறிமுகம் எப்படிச் சொல்வது என்றும் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். அடுத்த மாதம் சின்னவளுக்கு இருக்கிறது.

மேடையோரம்

சலங்கை அம்மா, அரங்கேற்றம் சபா வழக்கம். அங்கே விளக்கு முதலில் வருவதுதான் பல இடங்களில் நடைமுறை. டீச்சர் கேட்பது பள்ளி விழா, இங்கே தமிழ்த்தாய் வாழ்த்தோடுதான் நிகழ்ச்சி தொடங்க வேண்டும். சலங்கை பூஜைக்குத் தனி இழை தொடங்குங்கள், பதில் சொல்கிறேன்.

சலங்கை

தொடங்குகிறேன். ஆனாலும் பள்ளியில் விழா நேரத்துக்கு முன்பே ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் பாட்டைத் தொடங்கலாமே. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

சவுண்ட் சர்வீஸ்

நான் மைக் செட் போடுகிறவன். விளக்கில் தொகுப்பாளர் பேசுகிற பேச்சு நீண்டுபோவதற்குப் பாதிக் காரணம், விளக்கு பற்றிக்கொள்ளாமல் போவதுதான். விருந்தினர் மெழுகுவத்தியோடு குனிந்து நிற்பார், திரி பிடிக்காது. மேடையில் அமைதி, தொகுப்பாளருக்குப் பதற்றம், உடனே ஒளியைப் பற்றிக் கவிதை ஆரம்பிக்கும். கவிதை நல்லதாகவே இருக்கும், ஆனால் யாரும் கேட்கமாட்டார்கள். எல்லார் கண்ணும் அந்தத் திரி மேலேயே இருக்கும்.

திரியை முதல் நாளே நல்லெண்ணெயில் ஊறப் போடுங்கள். விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஐந்து முகத்திலும் திரி வைத்து, ஒருமுறை ஏற்றி உடனே அணைத்துவிடுங்கள். நுனி கருகிய திரி அடுத்த தடவை சட்டென்று பிடிக்கும். நுனியில் கொஞ்சம் கற்பூரப் பொடி தொட்டு வைப்பவர்களும் உண்டு. திரி ரொம்ப உள்ளே இருந்தாலும் பிடிக்காது, எண்ணெய் தளும்ப நின்றாலும் நுனி மூழ்கிவிடும். அரை விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

அப்புறம் மின்விசிறி. மேடை ஓரத்தில் நிற்கும் பெரிய பெடஸ்டல் ஃபேனை விளக்குக்கு முன் நிறுத்த ஓர் ஆளைத் தனியாகச் சொல்லி வையுங்கள். "ஃபேனை ஆஃப் பண்ணுங்க" என்று மைக்கில் கேட்டால் நன்றாக இருக்காது. பின்னால் இருக்கும் ஃப்ளெக்ஸ் துணியிலிருந்தும் மைக் ஒயரிலிருந்தும் விளக்கு தள்ளி இருக்க வேண்டும். பட்டுப் புடவை முந்தானையோடு குனிகிறவர்களுக்குச் சுற்றிலும் இடம் வேண்டும்.

கரும்பலகை

இதெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. மிக்க நன்றி. எங்கள் விளக்கு ஐந்து முகம், ஆனால் பட்டியலில் ஏழு பேர்: சிறப்பு விருந்தினராக வரும் மருத்துவர், பள்ளிச் செயலர், வட்டாரக் கல்வி அலுவலர், ஊராட்சித் தலைவர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், முன்னாள் மாணவர் சங்கத் தலைவர், எங்கள் தலைமையாசிரியர். யாரை விடுவது?

மேடையோரம்

யாரையும் மேடையில் வைத்து விட முடியாது. இதை விழாவுக்கு முன்பே தலைமையாசிரியரிடம் பேசி முடித்துவிடுங்கள். உங்கள் தலைமையாசிரியர் விழா நடத்துகிற வீட்டுக்காரர், அவர் ஏற்றாமல் மெழுகுவத்தியை எடுத்துக் கொடுக்கிறவராக இருக்கலாம். மற்ற ஆறு பேரில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் முன்னாள் மாணவர் சங்கத் தலைவரும் சேர்ந்து ஒரு முகம் ஏற்றலாம். அப்போது ஐந்து முகத்துக்குக் கணக்கு சரியாக வருகிறது. இதை முன்கூட்டியே அந்த இருவரிடமும் சொல்லிவிட்டால் ஒருவருக்கும் மனக்குறை இருக்காது.

இப்போது பேச்சு. பட்டியல் முழுவதையும் முதலிலேயே படித்துவிட்டால் ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து விளக்கைச் சூழ்வார்கள், புகைப்படக்காரருக்கு முதுகுகள்தான் கிடைக்கும். ஒவ்வொருவராக அழையுங்கள். ஒருவர் ஏற்றி, மெழுகுவத்தி கைமாறிய பிறகு அடுத்த பெயர். பட்டம், பதவி, விருதுகள் எல்லாம் வரவேற்புரையில் வரப்போகின்றன, அங்கே விட்டுவிடுங்கள். இங்கே பெயரும் ஒரே ஒரு பொறுப்பும் போதும்:

"அடுத்து குத்துவிளக்கு ஏற்றுதல். முதல் சுடரை ஏற்றிவைக்க நம் சிறப்பு விருந்தினர், மருத்துவர் அவர்களை அழைக்கிறோம்."

அவர் எழுந்து நடந்து வருவார். பேசாதீர்கள். சுடர் ஏறும். பேசாதீர்கள். கைத்தட்டல் வந்தால் வரட்டும், நீங்கள் கேட்க வேண்டாம். மெழுகுவத்தி கைமாறும்போது, "பள்ளிச் செயலர் அவர்கள்". பிறகு "வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள்". பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், நான் இங்கே பொறுப்பை மட்டும் எழுதுகிறேன். இரண்டாவது ஆளிலிருந்து "அன்புடன் அழைக்கிறோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஐந்தும் எரிந்ததும், "விருந்தினர்களுக்கு நன்றி. இருக்கையில் அமர வேண்டுகிறோம்." முடிந்தது.

அமைதியைப் பற்றிக் கேட்டீர்கள். பின்னணியில் நாகஸ்வரமோ வீணையோ மெல்லிசாகப் போனால் அந்த அமைதி நிறைவாகவே இருக்கும். இசை போடும் ஆளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: முதல் சுடருக்குத் தொடங்கி, விருந்தினர் அமரும்போது மெதுவாக இறக்க வேண்டும். டக்கென்று நிறுத்தினால் மின்சாரம் போனது மாதிரி இருக்கும்.

காலணி விஷயமும் உண்டு. மேடையில் "காலணியைக் கழற்றிவிட்டு வாருங்கள்" என்று சொல்லவே கூடாது. விருந்தினர்கள் தலைமையாசிரியர் அறையில் தேநீர் குடிக்கும்போதே ஒருவர் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். ஷூ போட்டவருக்கு அவிழ்க்க நேரம் ஆகும், விளக்கருகே ஒற்றைக் காலில் நிற்க வைக்காதீர்கள்.

வகுப்பறை 7பி

நான் சிறுபான்மைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இன்னொரு கோணம் சொல்கிறேன். எங்கள் விழாவுக்கு வந்த ஒரு விருந்தினர், தன் மத நம்பிக்கைப்படி விளக்கேற்றுவதில்லை என்று மேடையில் ஏறிய பிறகுதான் எங்களிடம் மெதுவாகச் சொன்னார். தொகுப்பாளர் அவர் பெயரை அப்போதே அழைத்துவிட்டிருந்தார். அவர் எழுந்து வந்து விளக்குக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார், மற்றவர்கள் ஏற்றினார்கள். அவர் கண்ணியமாகத்தான் நடந்துகொண்டார். சங்கடப்பட்டது நாங்கள். அன்றிலிருந்து அழைப்பிதழ் கொடுக்கப் போகும்போதே "விளக்கேற்றும் நிகழ்வு இருக்கிறது, கலந்துகொள்வீர்களா" என்று கேட்டுவிடுகிறோம். வேண்டாம் என்பவரை ஆண்டு மலர் வெளியீட்டுக்கோ பரிசளிப்புக்கோ முதலாவதாக அழைக்கிறோம்.

டீச்சரின் அறிமுகத்தில் "திருவிளக்கு", "மங்கலம் சேர்க்குமாறு" என்று இருக்கிறது. "குத்துவிளக்கு ஏற்றுதல்" என்று மட்டும் சொன்னால் எல்லாரும் பங்கேற்க எளிதாக இருக்கும் என்பது என் அனுபவம்.

சலங்கை

மன்னிக்கவும், இதில் எனக்கு உடன்பாடில்லை. மங்கலம் என்ற சொல்லைக்கூட எடுத்துவிட்டால் விளக்கு எதற்கு? வெறும் வெளிச்சத்துக்கு என்றால் ட்யூப் லைட் இருக்கிறதே. வருகிறவர்கள் வேண்டாம் என்றால் ஏற்ற வேண்டாம், அதற்காகச் சொல்லை மாற்ற வேண்டாம்.

வகுப்பறை 7பி

அம்மா, உங்கள் வீட்டு அரங்கேற்றத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பள்ளியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் சொன்னேன்.

ஸ்கார்பரோ

கனடாவில் இருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். எங்கட ஊர்ச்சங்க விழாக்களில் மங்கல விளக்கேற்றல்தான் முதலில் வரும். பிறகு கனடா தேசிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, இறந்தவர்களை நினைத்து மௌனமாக நிற்கும் அகவணக்கம். இந்த நாலுக்கும் தொகுப்பாளர் நாலு விதமாக நடக்க வேணும். அகவணக்கத்துக்குச் சொல்லும் வசனம் இன்னும் சுருக்கமாக இருக்க வேணும், முடிந்ததும் "நன்றி" என்றுகூடச் சொல்லாமல் "அமரலாம்" என்று மட்டும் சொல்வது நல்லது. கீதம் முடிந்ததும் சனம் இருக்கப் பார்க்கும், உடனே அடுத்த பாட்டுக்கு எழும்ப வேணும். அதனால் தொகுப்பாளர் தொடக்கத்திலேயே "கனடா தேசிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம் ஆகிய மூன்றுக்கும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று சேர்த்துச் சொல்லிவிடுவார். இருந்து எழும்பும் சிரமம் இல்லை.

இங்கே சில மண்டபங்களில் நெருப்பு கொளுத்த விட மாட்டார்கள். மின்கல விளக்கை வைத்து ஒவ்வொரு முகமாகச் சுவிட்ச் போடுவோம். அப்போதும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித்தான் அழைப்போம், அவசரப்பட மாட்டோம். எங்கட பிள்ளைகளுக்கு அதுதான் விளக்கேற்றல் என்று ஆகிப்போச்சுது.

கரும்பலகை

எல்லாருக்கும் நன்றி. இப்படிக் குறைத்திருக்கிறேன்:

"அனைவருக்கும் வணக்கம். நம் பள்ளியின் ஆண்டு விழா தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்குகிறது. அனைவரும் எழுந்து நிற்க வேண்டுகிறோம். நிற்க இயலாதவர்கள் அமர்ந்தபடியே இருக்கலாம்."

பாட்டு முடிந்து: "நன்றி. அனைவரும் அமரலாம். அடுத்து குத்துவிளக்கு ஏற்றுதல். கல்வியின் ஒளி எல்லார் வீட்டிலும் சுடர்விட, முதல் சுடரை ஏற்றிவைக்க நம் சிறப்பு விருந்தினர் அவர்களை அழைக்கிறோம்." அந்த ஒரு வரியை மட்டும் விட மனம் வரவில்லை.

"மங்கலம்" பற்றித் தலைமையாசிரியரிடமே கேட்டுவிட்டுச் செய்கிறேன். இப்போது புதிதாக ஒரு கவலை. சிறப்பு விருந்தினர் மருத்துவமனையிலிருந்து நேராக வருகிறார், அரை மணி நேரம் தாமதமாகலாம் என்கிறார். பாட்டை அவருக்காக நிறுத்தி வைப்பதா?

மேடையோரம்

அந்த ஒரு வரி இருக்கட்டும், நன்றாக இருக்கிறது. அவர் இருக்கையிலிருந்து எழும் நேரத்துக்குச் சரியாகப் பொருந்தும்.

தாமதத்துக்கு என் வழி: பாட்டைக் குறித்த நேரத்தில் பாடிவிடுங்கள். அவர் வந்ததும் இன்னொரு தடவை பாட வைக்காதீர்கள். விளக்கை மட்டும் அவருக்காக வைத்திருங்கள். இடையில் வரவேற்புரையும் ஆண்டறிக்கையும் போகலாம். அவர் வந்து அமர்ந்ததும், நடந்துகொண்டிருக்கும் உரை முடியும்வரை பொறுத்து, "நம் சிறப்பு விருந்தினர் வந்திருக்கிறார். குத்துவிளக்கு ஏற்ற அழைக்கிறோம்" என்று தொடருங்கள். ஏன் தாமதம் என்ற விளக்கம் வேண்டாம்.

வாய்தா

நான் மாற்றிச் சொல்வேன். வரவேற்புரை முடிந்தபின் விளக்கேற்றினால் பார்க்கிறவர்களுக்கு விழா இரண்டாம் தடவை தொடங்குவது மாதிரி இருக்கும். நேரத்துக்கு வந்த செயலரை முதல் சுடர் ஏற்றச் சொல்லிவிட்டு, ஐந்தாவது முகத்தை மருத்துவருக்கு விட்டு வையுங்கள். வந்ததும் அதை ஏற்றட்டும்.

சவுண்ட் சர்வீஸ்

எப்படிச் செய்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். நாலு முகம் அரை மணி நேரம் எரிந்தால் பெடஸ்டல் ஃபேனை அதுவரை போட முடியாது, வெயிலில் பிள்ளைகள் தவிப்பார்கள். எண்ணெய் இறங்கிக்கொண்டே வரும், ஐந்தாவது திரி காய்ந்துவிடும். அவர் படியேறும்போது ஒருவர் அந்தத் திரியை எண்ணெயில் ஒருமுறை தோய்த்து நிமிர்த்திவிட வேண்டும்.

கரும்பலகை

தலைமையாசிரியரிடம் இரண்டு வழியையும் சொன்னேன். அவருக்கு ஐந்தாவது முகம் யோசனை பிடித்திருக்கிறது. செயலர் முதல் சுடரைச் சிறப்பு விருந்தினருக்கே விட வேண்டும் என்கிறார். நாளை மாலை ஒத்திகை, அதற்குள் முடிவாகிவிடும். திரியை இன்றிரவே ஊறப் போடச் சொல்லியிருக்கிறேன்.